இருபத்தேழு எங்கே?

போடிப் பக்கத்துச் சிலமலைச் சந்திரவல்லி பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமான மறு மாதமே மலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். காலை ஐந்தரைக்குப் போடியில் ஜீப்பு ஏறி, போடிமெட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் காய் எடுத்து, கவாத்து வெட்டி, மருந்தடிப்புக்குத் தண்ணீர் சுமந்து, பொழுது சாய இறங்கி வருவாள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தோட்டத்தின் மருந்தடிப்பு வேலை முழுவதையும் மேற்பார்வை பார்க்கிற பொறுப்பு அவள் கைக்கு வந்தது. எந்த மாதம் எது அடிக்கணும், எத்தனை லிட்டருக்கு எவ்வளவு, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் எங்கே நிற்கணும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஒரு ஆடி மாதத்து மழையில் அவள் வந்த ஜீப்பு வளைவில் சாய்ந்தது. சாகவில்லை. இடுப்பெலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்தார்கள். நடக்கலாம், சரிவில் ஏற முடியாது. ஏலக்காட்டில் சரிவில்லாத இடம் ஏது? நாற்பது வயதில் மலை அவளுக்கு முடிந்துபோனது.

தோட்டத்துக்கு உரமும் மருந்தும் வாங்க அவள் வழக்கமாய்ப் போகிற போடிக் கடை எபினேசருடையது. அவர்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். கடையில் உட்கார்ந்து, போன் பண்ணிக் கேட்கிற விவசாயிகளுக்குப் பதில் சொல்லும் வேலை. இலை மஞ்சளா இருக்கா, நுனி காயுதா, சரத்தில் காய் கொட்டுதா என்று நாலு கேள்வி கேட்டு அவள் ஒன்று சொன்னால் சரியாக இருக்கும். ஆறு மாதத்தில் கடைக்கு வருகிறவர்கள் எபினேசரைத் தாண்டி அவளிடம் போய் நின்றார்கள்.

எபினேசருக்கு அதில் வருத்தமில்லை, யோசனைதான் வந்தது. கடையின் பின்னறையில் உர மூட்டைகளை ஒதுக்கி, ஒரு செல்போனைத் தாங்கியில் மாட்டி, அவளை முன்னால் உட்கார வைத்தார்.

"போன்ல ஒருத்தன்கிட்ட சொல்றத இதுல சொல்லு. பத்தாயிரம் பேரு கேப்பான்."

‘மலைத்தோட்டம்’ என்று யூடியூப் சேனலுக்குப் பெயர் வைத்தார்கள். நாற்று விடுவதில் தொடங்கி காய் உலர்த்துவது வரைக்கும் ஏலம் வளர்ப்பதை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று சந்திரவல்லி மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். வாரம் ஒரு நாள் மத்தியானம் கடை ஓயும் நேரத்தில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். எடுத்ததைத் தேனியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஈஸ்வருக்கு அனுப்புவார்கள். வெட்டுவது, ஒட்டுவது, தலைப்பு வைப்பது, ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. சந்திரவல்லி பேசியதோடு சரி. தன் முகத்தைத் தானே பார்க்கக் கூச்சப்பட்டு, வந்த வீடியோக்களை அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அதுதான் அவள் செய்த தவறு என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாள்.

முதல் நான்கு வீடியோக்களுக்கு ஈஸ்வர் எண் போட்டிருந்தார். அதிலும் ஒன்றுக்கு ‘ஏலம் வளர்ப்பு 1’, அடுத்ததற்கு ‘ஏலக்காய் விவசாயம் பகுதி இரண்டு’, அதற்கடுத்ததற்கு ‘எபிசோடு 3’. ஒரே ஆள் பேசுகிற ஒரே தொடர் என்று தலைப்பைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஐந்திலிருந்து எண்ணையே விட்டுவிட்டார்.

---

வைகாசி கடைசியில் ஒரு நாள் காலை, கடை திறந்து அரை மணிகூட ஆகவில்லை. ஒருவர் சாக்குப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்லாவில் இருந்த எபினேசரைப் பார்க்கவில்லை. நேரே சந்திரவல்லியின் மேஜைக்கு வந்து பையைக் கவிழ்த்தார். ஏல இலைகள். ஓரமெல்லாம் கருகி, நடுவில் தீ சுட்ட மாதிரி பழுப்புத் திட்டுகள்.

"நீங்கதான சொன்னீக?"

"என்னப்பா சொன்னேன்? நீ யாரு, எந்த ஊரு?"

"தேவாரம். தங்கபாண்டியன். மேல ஒரு ஏக்கரா குத்தகைக்குப் பிடிச்சிருக்கேன், போன வருசந்தான். மழைக்கு முந்தி அழுகலுக்கு அடிக்கணும்னு உங்க வீடியோவத்தான் பாத்தேன். நீலத் தண்ணி போதும்னு போட்ருந்துச்சு. அடிச்சேன். நாலே நாள்ல இப்பிடி ஆயிருச்சு. எரநூறு மூடு செடி போச்சுக்கா."

சந்திரவல்லி ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. "சுண்ணாம்பு எவ்வளவு போட்ட?"

"சுண்ணாம்பா?"

அவள் இலையை மேஜையில் வைத்தாள்.

அழுகல் நோய்க்கு மழைக்கு முன் அடிப்பது போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம் என்கிற நீல உப்பை ஐம்பது லிட்டர் தண்ணீரில் தனியாகக் கரைக்க வேண்டும். ஒரு கிலோ நல்ல சுண்ணாம்பை இன்னொரு ஐம்பது லிட்டரில் தனியாகக் கரைக்க வேண்டும். நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கிய பிறகே செடிக்கு அடிக்கலாம். சுண்ணாம்பு சேராத மயில்துத்தம் இலையைப் பொசுக்கிவிடும். இதை அவள் ஒரே மூச்சில் இருபத்திரண்டு நிமிஷம் பேசியிருந்தாள். துத்தம் மிஞ்சியிருக்கிறதா என்று கத்தியை நனைத்துப் பார்த்துச் சோதிப்பதுவரை காட்டியிருந்தாள்.

"உன் போனக் குடு. நீ பாத்தத எனக்குக் காட்டு."

தங்கபாண்டியன் காட்டினார். தலைப்பு, ‘இந்த நீலத் தண்ணி போதும்! அழுகல் காலி!’ அவள் மயில்துத்தத்தைத் துணியில் கட்டிப் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் தொங்கவிடுகிறாள். கரைகிறது. "இப்ப நல்லா நீலமாயிருச்சா? இவ்வளவுதான்" என்கிறாள். அதோடு முடிந்துவிட்டது. ‘இவ்வளவுதான் இந்த வேலை, இனிமே சுண்ணாம்பு’ என்று அவள் சொன்னதில் பாதி இல்லை. ஒன்பதாவது நிமிஷத்தில் வெட்டியிருந்தார்கள். திரையில் அடுத்ததாக யாரோ ஒருவர் கோழி வளர்ப்பு பற்றிப் பேசத் தொடங்கினார்.

"இதோட மிச்சம் எங்க?"

அவளே தேடினாள். நாலு நாள் கழித்து ஏற்றப்பட்டிருந்தது. தலைப்பு, ‘யாரும் சொல்லாத சுண்ணாம்பு ரகசியம்!!’ ஏலம் என்ற சொல் இல்லை, அழுகல் இல்லை, போர்டோ இல்லை, இரண்டாம் பாகம் என்றும் இல்லை. மயில்துத்தத்தைப் பார்த்தவன் அடுத்து இதைத் தேடுவான் என்பதற்கு ஒரு வழியும் இல்லை. சேனலில் ஒரு வரிசைப் பட்டியல் இருந்தது. அதிலும் புதியது மேலே, பழையது கீழே. ஒன்றை ஓடவிட்டால் அடுத்து அதற்கு முந்தையது ஓடும். இரண்டாம் பாகம் பார்த்தவனுக்குப் பிறகு முதல் பாகம் வரும்.

எபினேசர் கல்லாவை விட்டு எழுந்தார். கிட்டே வந்து, கீழே சிந்தியிருந்த இலைகளைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். "தம்பி, வீடியோவுல பொய் ஒண்ணும் சொல்லல. ரெண்டும் கெடக்கு. முழுசாப் பாக்காதது யாரு தப்பு?"

"ரெண்டு இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும் மொதலாளி? ஒண்ணுன்னு போட்ருந்தா ரெண்டத் தேடியிருப்பேன்ல?"

எபினேசர் கல்லாவுக்குத் திரும்பினார். தங்கபாண்டியன் சந்திரவல்லியைத்தான் மறுபடியும் பார்த்தார். ஏமாந்த பார்வை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

---

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்சில் உட்கார்ந்து தன் வீடியோக்கள் இருபத்திரண்டையும் பார்க்கத் தொடங்கினாள். பார்த்து முடிக்க மூன்று நாள் ஆனது. நாற்று நடுவதற்கு முன்னாலேயே உரம் வைப்பது வந்தது. குழி வெட்டுவதன் பாதி ஒரு பெயரிலும் மீதி இன்னொரு பெயரிலும் கிடந்தது. ‘அக்கா, போன பாகத்துல சொன்ன அளவுன்னு சொல்றீங்க, எந்தப் பாகம்?’ என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். மூன்று மாதமாகப் பதில் இல்லை.

ஈஸ்வரைப் போனில் பிடித்தாள்.

"நம்பர் போட்டா ஓடாதுக்கா" என்றார் அவர். "பதினொண்ணுன்னு போட்டா, முந்தின பத்தையும் பாக்கணுமோன்னு புதுசா வர்றவன் தள்ளிட்டுப் போயிருவான். நான் சும்மா எடுக்கல நம்பர."

அவள் யோசித்தாள். அதில் உண்மை இருந்தது. "முன்னாடி போட வேணாம் தம்பி, கடைசியில போடுங்க. முன்னாடி அவன் தேடுற வார்த்தையப் போடுங்க. ஏலம் அழுகல்னு தேடுறவனுக்கு அழுகல்தான் முதல்ல கண்ணுல படணும். அவன் உள்ள வந்துட்டா அப்புறம் நம்பரப் பாத்து அடுத்ததுக்குப் போவான்."

"நீலத் தண்ணி எவ்வளவு ஓடியிருக்கு தெரியுமா? நம்ம சேனல்லயே அதுதான் டாப். தலைப்பத் தொட்டா ஓட்டம் நின்னு போகும். மொதலாளிகிட்டக் கேட்டுக்கங்க."

முதலாளியிடம் கேட்டாள். அவரும் அதையே சொன்னார்.

"அப்ப நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன்" என்றாள் சந்திரவல்லி. வேறொரு கடையில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். போகலாம்.

எபினேசர் கோபப்படவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார். "போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா வீடியோ இங்கதான் இருக்கும். நீ எந்தக் கடையில உக்காந்திருந்தாலும் உன் மூஞ்சி இதுல பேசிக்கிட்டுத்தான் இருக்கும்."

அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அது அவள் கண்முன் தெரிந்தது. தான் போன பிறகும் அந்தப் பின்னறையில் வாளியோடு உட்கார்ந்து "இவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிற ஒரு சந்திரவல்லி. இன்னொரு தங்கபாண்டியன் கேட்டு, சுண்ணாம்பில்லாமல் அடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வருவான். அன்றைக்கு அவள் இங்கே இருக்கக்கூட மாட்டாள்.

புருஷன் மலைச்சாமியிடம் சொன்னாள். அவரும் மலைவேலைக்குப் போகிறவர்தான். "விட்டுத் தொலையேன்" என்றார்.

"நான் விட்டாலும் அது விடாதுல்ல" என்றாள்.

வேலையை விடவில்லை.

---

முதலில் தன் சொந்தப் போனிலிருந்து ஒவ்வொரு வீடியோவின் கீழும் எழுதினாள். நீலத் தண்ணியின் கீழே, ‘இது பதினோராவது. சுண்ணாம்பு சேர்க்காமல் அடிக்காதீர்கள். அடுத்த பாகம் சுண்ணாம்பு ரகசியம் என்ற பெயரில் இருக்கிறது.’ நாற்பது ஐம்பது பேர் எழுதிய பின் அவள் எழுதியது அடியில் போய்விட்டது. மேலே குத்தி நிறுத்துகிற வசதி சேனல் வைத்திருப்பவருக்குத்தான் உண்டு. இரண்டாவது வாரம் பார்த்தபோது அவள் எழுதியதே இல்லை. தலைப்புக்கு எதிராகப் பேசுவதுபோல் இருக்கிறது என்று ஈஸ்வர் எடுத்துவிட்டார்.

பிறகு பேசும்போதே சொன்னாள். "இது இருபத்து மூணாவது பாடம், கவாத்து" என்று ஆரம்பித்தாள். வீடியோ வந்தபோது அந்த ஆரம்பம் வெட்டப்பட்டிருந்தது. நேரே கத்தியோடுதான் இருந்தாள்.

வாயை வெட்டலாம். சுவரை?

அடுத்த வாரம் பின்னறையில், உர அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, கறுப்பு மையால் 24 என்று பெரிதாக எழுதித் தன் தலைக்கு மேலே இடப்பக்கமாக ஆணியில் மாட்டினாள். வலது பக்கம் கீழே வைத்தால் முகப்புப் படத்தில் வீடியோவின் நேரம் காட்டுகிற கறுப்புக் கட்டம் அதை மறைத்துவிடும் என்பதை மூன்று நாள் பார்த்ததில் தெரிந்துவைத்திருந்தாள். அட்டையை வெட்டினால் அவள் தலை போகும். படத்தைப் பெரிதாக்கினால் முன்னால் இருக்கிற வாளியும் கையும் போகும். ஈஸ்வர் இரண்டையும் முயன்று பார்த்துவிட்டு அப்படியே ஏற்றினார்.

இருபத்து நாலு, இருபத்தைந்து, இருபத்தாறு வந்தன. தலைப்புகள் பழையபடிதான். ஆனால் கீழே கேள்விகள் மாறின. ‘சுவத்துல 25ன்னு இருக்கு. அப்ப 1ல இருந்து எங்க இருக்கு?’ ‘24க்கு லிங்க் போடுங்க.’ நூறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். தினமும் அதைப் படிப்பது அவளுக்கு ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது. தன்னைப் போலவே வெளியிலும் சிலர் வழி தெரியாமல் நிற்கிறார்கள்.

இருபத்தேழாவது தேனீ பற்றியது. ஏலப்பூ காலையில்தான் விரியும், தேனீ வந்துபோனால்தான் காய் பிடிக்கும். பூக்கிற காலத்தில் காலை நேரத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், தேவையில்லாவிட்டால் அடிக்கவே அடிக்காதீர்கள், பூச்சியை எண்ணிப் பார்த்து முடிவு பண்ணுங்கள் என்று பேசியிருந்தாள். மறு வாரம் இருபத்தெட்டையும் எடுத்து அனுப்பியாயிற்று.

இருபத்தெட்டு வந்தது. இருபத்தேழு வரவில்லை.

"அத எடுத்து வச்சுட்டேன்" என்றார் எபினேசர். "மருந்துக்கடை நடத்துற நானே மருந்தடிக்காதேன்னு சொல்லணுமா?"

"அடிக்கவே வேணாம்னு சொல்லல மொதலாளி. நேரம் பாத்து அடின்னுதான்."

"ஒண்ணு வராட்டி யாருக்குத் தெரியப் போகுது?"

இருபத்தெட்டின் கீழே முதல் கேள்வி அன்று மத்தியானமே வந்திருந்தது. ‘27 எங்கே?’ எழுதியவர் பெயர் தங்கபாண்டியன் தேவாரம். படத்தில் அவரேதான். சந்திரவல்லி அந்தப் பெயரை இரண்டு முறை படித்தாள். அவ்வளவும் கருகிய பிறகும் அந்த ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்குக் கீழே இன்னொருவர். அப்புறம் கம்பத்திலிருந்து ஒருவர், வண்டன்மேட்டிலிருந்து ஒருவர். ‘27 போடலயா, நான் மிஸ் பண்ணிட்டனா?’ ‘27 எங்கே அக்கா?’ தலைப்பில் மட்டும் எண் இருந்திருந்தால் ஈஸ்வர் ஒரு நிமிஷத்தில் மாற்றியிருப்பார். அவர் செய்தும் பார்த்தார். இருபத்தெட்டின் தலைப்பில் மறுபடியும் எண் போட்டு, 27 என்று எழுதினார். அதற்கு மேலே சுவரில் 28 தொங்கிக்கொண்டிருந்தது. ‘தலைப்பப் போட்டவரு சுவத்தப் பாக்கலயா?’ என்று ஒருவர் கேட்க, அதற்கு முன்னூறு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள்.

கடைக்கு வருகிறவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். உர மூட்டைக்குப் பணம் கொடுக்கும்போது, "அந்த இருபத்தேழு என்னண்ணே, அதுல என்ன இருக்கு?" என்றார் பொட்டிபுரத்து சீனிச்சாமி. பழைய வாடிக்கையாளர். "மறைச்சு வைக்கிற மாதிரி என்னமும் சொல்லிப்புட்டாளா?"

எபினேசர் அன்று சாயங்காலம் சந்திரவல்லியின் மேஜைக்கு எதிரே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ வேணும்னே மாட்டுனியா அந்த அட்டைய?"

"நம்பர் தெரியணும்னு மாட்டுனேன். இதுக்குன்னு மாட்டல."

"சரி. போடச் சொல்றேன். ஆனா இந்தத் தலவலி எனக்கு வேணாம். தலைப்பு, வரிசை, அந்தக் கேள்விக்கெல்லாம் பதில், எல்லாத்தையும் நீயே பாத்துக்க. ஈஸ்வர் வெட்டி ஏத்துறதோட சரி."

அவள் மின்னஞ்சலைச் சேனலில் சேர்த்து, தலைப்பை மாற்றுகிற உரிமை கொடுத்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அன்று பஸ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் இதுவும் ஒரு கட்டு என்று அவளுக்கு உறைத்தது. இருபத்தெட்டு வீடியோவின் வரிசையும் இப்போது அவள் ஒருத்தியின் தலைக்குள் இருந்தது. இனிமேல் எப்படிப் போவது?

---

பழையவற்றைச் சரிபண்ண ஒரு மாதம் ஆயிற்று. ஒரு நோட்டில் முதலில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். சுவரில் எண் பதிந்துவிட்ட இருபத்து நாலு முதலானவற்றை மாற்றவே முடியாது. ஆகவே பழைய இருபத்து மூன்றையும் அதற்குள் அடக்கியாக வேண்டும். இரண்டாக வெட்டப்பட்டதெல்லாம் ஒரே எண்ணில் முதல் பாகம், இரண்டாம் பாகம் ஆயின. அதனால் நடுவில் இரண்டு எண் மிஞ்சியது. அவற்றுக்கு விட்டுப்போயிருந்த இரண்டு பாடங்களைப் புதிதாகப் பேசி எடுத்தாள். சுவரில் எண் போட்டது அவசரத்தில் செய்த காரியம் என்று அப்போது புரிந்தது. தலைப்பில் எழுதியதைத் திருத்தலாம், படத்துக்குள் எழுதியது எழுதியதுதான். முப்பதாவதோடு அட்டையைக் கழற்றினாள்.

தலைப்புகளை எல்லாம் ஒரே அச்சாக்கினாள். முன்னால், விவசாயி கேட்கிற கேள்வி. பின்னால், தொடரின் பெயரும் எண்ணும். போனில் நீளத் தலைப்பின் வால் தெரியாது என்பதால் முக்கியமானது முதல் நாலைந்து சொல்லுக்குள் வந்துவிட வேண்டும். ‘ஏலம் நாற்று எந்த வயதில் நடுவது | ஏலப் பாடம் 03’. ஒன்றிலிருந்து ஒன்பது வரை முன்னால் பூஜ்யம் போட்டாள். கடைக் கணினியில் வீடியோக் கோப்புகளைப் பெயர் வாரியாக அடுக்கியபோது ஒன்றுக்கு அடுத்துப் பத்து வந்து நின்றதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. சிலர் ஏலம் என்று தேடுவார்கள், சிலர் ஏலக்காய் என்று, சிலர் இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். தலைப்பில் ஒன்றையே எங்கும் மாறாமல் வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கீழே விவரத்தில் எழுதினாள். முந்தையதற்கும் அடுத்ததற்கும் இணைப்புக் கொடுத்தாள். பட்டியலை ஒவ்வொன்றாக இழுத்து, ஒன்று மேலே வரும்படி அடுக்கினாள்.

பதினொன்றுக்கு வந்தபோது கை ஓடவில்லை. அழித்துவிடலாமா என்று ஈஸ்வரைக் கேட்டாள்.

"அழிச்சா வாட்ஸப்புல பகிர்ந்த அத்தன லிங்கும் செத்துரும்கா. தலைப்ப மாத்துனா லிங்க் மாறாது. பழசத் தொறக்குறவனும் புதுத் தலைப்பத்தான் பாப்பான்." இந்த முறை அவர் குரலில் எரிச்சல் இல்லை.

அப்படியானால் மாற்றுவதுதான் சரி. நீலத் தண்ணியை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறவனுக்கும் அது போய்ச் சேரும். அவள் எழுதினாள்: ‘மயில்துத்தம் கரைக்க மட்டும், இதை அடிக்காதீர்கள் | போர்டோ கலவை 1/2 | ஏலப் பாடம் 11’. அடுத்ததற்கு: ‘சுண்ணாம்பு சேர்த்து அடிப்பது | போர்டோ கலவை 2/2 | ஏலப் பாடம் 11’. முதல் பாகத்தின் கீழே, எல்லோருக்கும் மேலே, இரண்டாவதன் இணைப்பைக் குத்தி வைத்தாள். முதலாவது முடிகிற இடத்தில் இரண்டாவதன் படம் தானாக வந்து நிற்கும்படியும் செய்தாள்.

நீலத் தண்ணியின் ஓட்டம் நின்றுதான் போனது. ஈஸ்வர் சொன்னது பொய்யில்லை. எபினேசர் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் அழுகல் பற்றித் தேடி வருகிறவர்கள் மெல்ல ஏறினார்கள். பழைய அளவுக்கு இல்லை. ஆனால் வந்தவர்கள் ஒன்றோடு போகாமல் அடுத்ததையும் பார்த்தார்கள். ‘அக்கா 14 முடிச்சிட்டேன்’ என்று வகுப்பு மாதிரி எழுதினார்கள்.

தங்கபாண்டியன் கார்த்திகையில் கடைக்கு வந்தார். கருகியவற்றில் இளம் செடிகள் செத்துவிட்டன என்றார். மற்ற மூடுகளில் அடியிலிருந்து புதுத் தட்டைகள் கிளம்பியிருக்கின்றன. அந்த வருஷத்துக் காய் போனது போனதுதான்.

"உங்க மேல கோவந்தான் அக்கா, இப்பவும்" என்றார். "ஆனா யாருகிட்டக் கேக்குறது, உங்கள விட்டா?"

"இனிமே சந்தேகம்னா நம்பரச் சொல்லிக் கேளு தம்பி" என்றாள் அவள்.

அவர் போன பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நோட்டை எடுத்து மீதிப் பாடங்களை எண்ணினாள். உலர்த்துவது, தரம் பிரிப்பது, காயை ஏலம் விடுமிடத்தில் எதைப் பார்ப்பார்கள் என்பது வரைக்கும் சேர்த்தால் அறுபதில் முடியும். அடுத்த தலைப்பிலிருந்து, ‘ஏலப் பாடம் 41/60’ என்று எழுத ஆரம்பித்தாள். யாரையும் கேட்கவில்லை. இத்தனையில் இது இத்தனையாவது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும். தனக்கும் தெரியட்டும். அறுபது முடிந்தால் வரிசை முழுசாகிவிடும். அவள் இல்லாவிட்டாலும் யாரும் வழி தவற மாட்டார்கள். அப்புறம் அந்த அறையில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு வாரமும் அந்த எண் ஒன்று ஏறுவதை அவள் விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

ஐம்பத்திரண்டில்தான் எபினேசர் கவனித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனைத் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"இதென்ன, கீழ அறுபதுன்னு?"

"அறுபதோட ஏலம் முடியுது மொதலாளி. அதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல."

"நல்லதுதான்" என்றார் அவர், உண்மையிலேயே சந்தோஷமாக. "அப்ப அறுபத்தொண்ணுலருந்து மிளகு ஆரம்பிச்சிருவோம். அதுவும் உனக்கு அத்துப்படிதான?"

சந்திரவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் சூது எதுவும் இல்லை. வெளியே யாரோ மூட்டை இறக்கச் சொல்லிக் கூப்பிட, அவர் எழுந்து போனார்.

"அறுபத்தொண்ணுன்னு போடக் கூடாது மொதலாளி" என்றாள், அவர் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாக. "மிளகுக்குத் தனித் தொடர். பேரு வேற. ஒண்ணுலருந்துதான் ஆரம்பிக்கணும். இல்லாட்டி மிளகு தேடி வர்றவன் மிச்ச அறுபது எங்கன்னு கேப்பான்."

சொல்லி முடித்த பிறகுதான், மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுவென்று அவளுக்குத் தெரிந்தது.